மொத்தச் சராசரி சரிதானா? இரண்டு ஓரங்களை வைத்துச் சோதிக்கும் வழி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 சதவீதம். ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இப்படி மூன்று எண்கள் ஒன்றாகக் கண்ணில் பட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: மொத்தம் என்று சொல்லப்படும் எண், பிரிவுகளின் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில் இருக்கிறதா? 80.09 என்பது 73.44-க்கு மேலே, 86.77-க்குக் கீழே. சரி, முதல் சோதனையில் தேறிவிட்டது.

வெளியே விழுந்திருந்தால், எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது. அதில் விவாதத்துக்கே இடமில்லை. உள்ளே இருந்தால் அது சரி என்று அர்த்தமில்லை, இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும். எப்படித் தோண்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. கணக்கெடுப்பு எண்களையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மொத்தமும் பிரிவுகளும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஏன் நடுவில்தான் இருக்க வேண்டும்

எடையிட்ட சராசரி என்றால், ஒவ்வொரு பிரிவின் மதிப்பையும் அந்தப் பிரிவின் அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த அளவால் வகுப்பது. அந்த அளவைத்தான் எடை என்கிறோம். இப்போது பெண்களின் விகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆண்களின் விகிதத்தையும் 73.44 என்று குறைத்துப் போடுங்கள். எல்லோருக்கும் ஒரே எண் என்பதால் மொத்தமும் 73.44 தான் வரும். உண்மையில் ஆண்களின் எண் அதைவிடப் பெரியது, ஆக உண்மையான மொத்தம் 73.44-க்குக் கீழே போக வழியே இல்லை. அதே மாதிரி எல்லோருக்கும் 86.77 போட்டால் மொத்தம் 86.77, உண்மை அதைத் தாண்ட முடியாது. பிரிவு இரண்டோ முப்பத்திரண்டோ, இதே வாதம் செல்லும்.

இதற்கு இரண்டே நிபந்தனைகள். எந்த எடையும் மைனஸில் இருக்கக் கூடாது. மேலே எந்த எடைகளால் பெருக்கினோமோ, கீழே அதே எடைகளின் கூட்டலால்தான் வகுக்க வேண்டும். ஆள்களின் எண்ணிக்கை மைனஸில் போகாது என்பதால் முதல் நிபந்தனை தானாகவே சரியாகிவிடும். இரண்டாவதில்தான் ஆள்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை: எடை எது என்று கண்டுபிடிப்பது

ஒரு விகிதம் எந்த எண்ணால் வகுத்து வந்ததோ, அந்த எண்தான் அதன் எடை. இந்த ஒரு வாக்கியத்தை எங்காவது எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தவறுகள் இதில் அடங்கிவிடும்.

நம் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துத்தான் போடப்படுகிறது. ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் எழுத்தறிவு பெற்றவர். ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை படித்தாலும் கணக்கில் வராது, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. அதனால் எடை, மொத்த மக்கள்தொகை அல்ல. ஏழு வயதைத் தொட்டவர்களின் எண்ணிக்கை.

தமிழ்நாட்டில் 2011-இல் ஆண்கள் சுமார் 361 லட்சம், பெண்கள் சுமார் 360 லட்சம். ஏழு வயதுக்குக் கீழே ஆண் குழந்தைகள் சுமார் 38 லட்சம், பெண் குழந்தைகள் சுமார் 36 லட்சம். கழித்தால் ஆண்களுக்கு எடை 323, பெண்களுக்கு 324. அப்புறம் கணக்கு இது:

```
86.77 × 323 = 28026.71
73.44 × 324 = 23794.56
கூட்டல்     = 51821.27
51821.27 ÷ 647 = 80.09
```

அச்சில் இருக்கும் அதே எண் வந்துவிட்டது. லட்சத்துக்கு முழுமையாக்கிய எடைகளே இவ்வளவு துல்லியமாக வேலை செய்கின்றன, எடைகளை அட்சர சுத்தமாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது அடிக்கடி நடக்கும் தவறைப் பார்ப்போம். எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 518 லட்சம் என்று தெரிகிறது, மாநில மக்கள்தொகை 721 லட்சம் என்றும் தெரிகிறது, அப்படியானால் 518-ஐ 721-ஆல் வகுத்தால் ஆயிற்று என்று ஒருவர் போடுகிறார். வருவது கிட்டத்தட்ட 71.8. பார்ப்பதற்கு நம்பும்படியான எண்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் பெண்களின் 73.44-க்கும் கீழே இருக்கிறது. ஆண்களை விட்டுத் தள்ளுங்கள், பெண்களை மட்டுமே எடுத்தால்கூட 73.44 வர வேண்டும், எல்லோரையும் சேர்த்தால் எப்படி அதைவிடக் குறையும்? அங்கேயே பிடித்துவிடலாம்: வகுத்த எண் தப்பு, குழந்தைகள் கீழே நுழைந்துவிட்டார்கள்.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 76.4 கோடி, மக்கள்தொகை சுமார் 121 கோடி, வகுத்தால் 63 சதவீதம். ஆனால் அச்சில் பெண்களின் விகிதமே 64.64. உண்மையான மொத்தம் 72.99, ஆண்கள் 80.89.

வீச்சு குறுகலான பிரிவை எடுங்கள்

அதே தவறான 71.8-ஐ மாவட்ட எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். மிகக் குறைவு தருமபுரி, 68.54. மிக அதிகம் கன்னியாகுமரி, 91.75. 71.8 இந்த இரண்டுக்கும் நடுவில் அழகாக உட்கார்ந்துகொள்கிறது! சோதனையில் தேறிவிட்டது, ஆனால் எண் தப்பு.

சோதனை பொய்யாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓரங்கள் இரண்டும் விலகி இருந்ததால் நடுவில் நிறைய இடம், தப்பான எண்ணும் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் ஒரே மொத்தத்தைப் பல விதமாகப் பிரித்துப் போட்டிருந்தால், எந்தப் பிரிவில் சிறியதும் பெரியதும் நெருக்கமாக இருக்கின்றனவோ அதை வைத்துச் சோதியுங்கள். ஆண்-பெண் பிரிவில் இடைவெளி 13.33 புள்ளி. கிராமம்-நகரம் என்று பிரித்தால் 73.54-உம் 87.04-உம், இடைவெளி 13.50. மாவட்டப் பிரிவில் இடைவெளி 23 புள்ளிக்கு மேல். கையில் மூன்றும் இருந்தால் மாவட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை: எடையைத் திருப்பிக் கண்டுபிடிப்பது

பிரிவுகள் இரண்டே இரண்டு என்றால் ஒரு பெரிய வசதி உண்டு. மொத்தம் இரண்டு ஓரங்களுக்கு நடுவில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலிருந்து, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு பங்கு என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். மொத்தத்திலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். பெரிய எண் உள்ள பிரிவின் பங்கு அதுதான்.

80.09-இல் 73.44 போனால் 6.65. 86.77-இல் 73.44 போனால் 13.33. வகுத்தால் 0.499. அதாவது ஏழு வயதைத் தொட்டவர்களில் ஆண்கள் 49.9 சதவீதம். நாம் மேலே கழித்துக் கண்டுபிடித்த எடைகளில் 323-ஐ 647-ஆல் வகுத்தாலும் 0.499. பொருந்துகிறது.

கிராமம்-நகரத்துக்கும் போட்டுப் பாருங்கள். 80.09-இல் 73.54 போனால் 6.55, அதை 13.50-ஆல் வகுத்தால் 0.485. நகரங்களின் பங்கு 48.5 சதவீதம் என்கிறது கணக்கு. தமிழ்நாட்டில் நகர்ப்புற மக்கள் 2011-இல் 48.4 சதவீதம். நம் எடை ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

இந்தச் சோதனை முதல் சோதனையைவிட எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு உண்மையான பொறியைக் காட்டுகிறேன். 2011 கணக்கெடுப்பின் தற்காலிக முடிவுகள் முதலில் வந்தன, அதில் தமிழ்நாட்டின் மொத்தம் 80.33. இறுதி முடிவில் அது 80.09 ஆனது. இரண்டுமே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. யாராவது மொத்தத்தைத் தற்காலிக முடிவிலிருந்தும், ஆண்-பெண் எண்களை இறுதி முடிவிலிருந்தும் எடுத்து ஒரே அட்டவணையில் போட்டுவிட்டால்? 80.33 என்பது 73.44-க்கும் 86.77-க்கும் நடுவில்தான் இருக்கிறது, முதல் சோதனை வாயே திறக்காது. பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: 6.89-ஐ 13.33-ஆல் வகுத்தால் 0.517. ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்கள் 51.7 சதவீதம் என்றால், ஆயிரம் ஆண்களுக்கு 935 பெண்கள்கூட இல்லை என்று ஆகிறது. தமிழ்நாட்டில் மொத்தப் பாலின விகிதமே 996. கால் புள்ளி வித்தியாசம்தான், ஆனால் எடையாகத் திருப்பிப் பார்க்கும்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஓரங்களும் மிக நெருக்கமாக இருந்தால், உதாரணமாக 80.1-உம் 80.3-உம் என்றால், இந்தப் பின்னோக்கிய கணக்கை நம்ப வேண்டாம். தசமத்தை முழுமையாக்கும்போது வரும் சின்னப் பிழையே பங்கைக் கண்டபடி ஆட்டிவிடும். எண்கள் இரண்டு தசம இடம் வரை கையில் இருந்து, ஓரங்கள் சில புள்ளிகளாவது விலகி இருந்தால்தான் விடைக்கு மதிப்பு.

ஒரு ஓரம் தெரியாவிட்டால்

மொத்தம் தெரியும், ஒரு பிரிவு தெரியும், மற்றொன்று அச்சில் இல்லை. அப்போதும் இந்த விதி உதவும், ஏனென்றால் தெரிந்த பிரிவு மொத்தத்துக்குக் கீழே இருந்தால், தெரியாதது கட்டாயம் மேலே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் பாலின விகிதம் 996, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 943. ஆக ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் விகிதம் 996-ஐவிட அதிகம் என்று, எதையும் தேடாமலேயே சொல்லிவிடலாம். எவ்வளவு அதிகம்? இங்கேதான் எடையைப் பற்றிச் சொன்ன வாக்கியம் திரும்ப வேலைக்கு வருகிறது. பாலின விகிதம் ஆண்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது, அதனால் எடை ஆண்களின் எண்ணிக்கை மட்டும்தான், ஆண்-பெண் சேர்ந்த மொத்தம் அல்ல. 996-ஐ 361-ஆல் பெருக்கி, அதிலிருந்து 943 பெருக்கல் 38-ஐக் கழித்து, 323-ஆல் வகுத்தால் சுமார் 1002. அந்த வயதினரில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று அதிகம். மேலே எடை 323, 324 என்று வந்தபோதே இது ஒளிந்திருந்தது.

எக்செல்லில் எப்படிப் போடுவது

B2-இல் ஆண்களின் விகிதம், B3-இல் பெண்களின் விகிதம், C2-உம் C3-உம் எடைகள், B5-இல் அச்சில் உள்ள மொத்தம். கீழே உள்ளவற்றை மூன்று தனித்தனிக் கட்டங்களில் போடுங்கள்:

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(C2:C3)
=AND(B5>=MIN(B2:B3),B5<=MAX(B2:B3))
=(B5-B3)/(B2-B3)
```

முதலாவது சராசரியைப் புதிதாகக் கணக்கிடும், இரண்டாவது நடுவில் இருக்கிறதா என்று TRUE அல்லது FALSE சொல்லும், மூன்றாவது ஆண்களின் பங்கைத் திருப்பித் தரும்.

பெரிய பட்டியலில் போட்டு, B5-க்குப் பதிலாகப் புதிதாகக் கணக்கிட்ட சராசரியையே சோதிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, கடைசியில் இருக்கும் "மொத்தம்" என்ற வரிசை. தேர்ந்தெடுக்கும்போது அது மேலேயுள்ள பெருக்கலில் மட்டும் நுழைந்துவிட்டால் விடை இரண்டு மடங்காகி 160 வரும், வகுக்கும் SUM-இல் மட்டும் நுழைந்தால் பாதியாகி 40 வரும். இரண்டுமே ஓரங்களுக்கு வெளியே விழும், உடனே தெரிந்துவிடும். (இரண்டிலும் நுழைந்தால் விடை மாறவே மாறாது, மொத்தத்தை மொத்தத்தோடு கலந்தால் அதே மொத்தம்தானே.)

இன்னொன்று கொஞ்சம் மோசமானது. ஒரு மாவட்டத்தின் விகிதம் விடுபட்டுக் கட்டம் காலியாக இருந்தாலோ, எண் எழுத்தாகப் பதிவாகியிருந்தாலோ, SUMPRODUCT அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும், ஆனால் MIN அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். இரண்டே வரிசை உள்ள அட்டவணையில் பெண்களின் விகிதம் காலியாக இருந்தால் சராசரி 43-க்கு விழும், ஓரம் 86.77, சோதனை கத்திவிடும். 32 மாவட்டப் பட்டியலிலோ ஒரு மாவட்டம் காணாமல் போனால் சராசரி இரண்டரைப் புள்ளி மாதிரி இறங்கி 77-78 என்று வரும், தருமபுரியின் 68.54-க்கு மேலேதான் இருக்கும், சோதனை சத்தமே போடாது. அதனால் நீளமான பட்டியலில் `=COUNT(B2:B33)` என்று ஒரு கட்டத்தில் போட்டு 32 வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

எடையே போடாமல் AVERAGE என்று தட்டிவிடும் தவறையும் முதல் சோதனை பிடிக்காது. எடையில்லாத சராசரி என்பது எல்லா எடையும் சமம் என்று வைத்த சராசரி, அதுவும் ஓரங்களுக்கு நடுவில்தான் விழும். கிராமம்-நகரத்துக்கு அப்படிப் போட்டால் 80.29 வருகிறது. உண்மையான 80.09 அதற்குக் கீழே, கிராமத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஏனென்றால் கிராமத்தில் ஆள்கள் அதிகம். அதனால் நட்டநடு எண்ணையும் ஒருமுறை போட்டுப் பார்த்து, மொத்தம் கூட்டம் அதிகமுள்ள பிரிவின் பக்கம் சாய்கிறதா என்று கவனிக்கும் பழக்கம் நல்லது.

மாற்றத்துக்கு இந்த விதி செல்லாது

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் விதியைக் கற்றவர்கள்தான் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ஆண்டின் விகிதத்துக்கு இந்த விதி பொருந்தும். இரண்டு ஆண்டுகளுக்கு இடையே எவ்வளவு உயர்ந்தது என்பதற்குப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை.

கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் கிராமம் 90.04, நகரம் 93.19, மொத்தம் 90.86. 2011-இல் கிராமம் 92.98, நகரம் 95.11, மொத்தம் 94.00. ஒவ்வொரு ஆண்டையும் தனியாகச் சோதித்தால் மொத்தம் நடுவில்தான் இருக்கிறது. இப்போது உயர்வைக் கழித்துப் பாருங்கள்: கிராமத்தில் 2.94 புள்ளி, நகரத்தில் 1.92 புள்ளி, மாநிலம் முழுவதும் 3.14 புள்ளி. மொத்த உயர்வு இரண்டு பிரிவுகளின் உயர்வையும் தாண்டிவிட்டது! முதல்முறை பார்ப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

பிழை இல்லை. பின்னோக்கிக் கணக்கிட்டால் காரணம் வெளிவந்துவிடும். 2001-இல் 0.82-ஐ 3.15-ஆல் வகுத்தால் நகரத்தின் பங்கு 26 சதவீதம். 2011-இல் 1.02-ஐ 2.13-ஆல் வகுத்தால் 48 சதவீதம். பத்தே ஆண்டில் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. கேரளத்தில் பஞ்சாயத்தாகவே இருந்துகொண்டு கணக்கெடுப்பில் மட்டும் நகரமாக எண்ணப்படும் ஊர்கள் 2001-இல் 99, 2011-இல் 461. இத்தனை ஊர்களின் மக்கள் கிராமப் பட்டியலிலிருந்து நகரப் பட்டியலுக்கு மாறியதால், விகிதம் அதிகமுள்ள பக்கத்தின் எடை கூடியது, மொத்தமும் அதனோடு ஏறியது.

இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் எடையை 2001-இல் இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கணக்கிடுங்கள். கிராமத்தின் 2.94-க்கு 74 பங்கு, நகரத்தின் 1.92-க்கு 26 பங்கு, வருவது 2.67. இது 1.92-க்கும் 2.94-க்கும் நடுவில் இருக்கிறது, எடை நகராததால் விதி திரும்பவும் பொருந்துகிறது. மொத்த உயர்வான 3.14-இல் மீதமுள்ள 0.47 புள்ளி, எடை மாறியதால் வந்தது. பட்டியல் மாறிய ஊர்கள் மற்ற கிராமங்களைவிட அதிகமோ குறைவோ படித்தவையாக இருந்தால் 2.94, 1.92 என்ற எண்களே கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்பதால், 0.47-ஐ அட்சர சுத்தமான அளவாக எடுத்துக்கொள்ளாமல் ஏறத்தாழ அவ்வளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.